கண்டிஷனல் லெட்டர்தான் வந்திருக்கு, இப்பவே டெபாசிட் கட்டலாமா?

மண்டபம் பொண்ணு:
பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரல. இங்கிலாந்துல கடல் உயிரியல் எம்.எஸ்சி.க்கு கண்டிஷனல் ஆஃபர் வந்திருக்கு. டிகிரில 60 சதவீதம், ஐஇஎல்டிஎஸ் 6.5 கேக்கறாங்க. ஃபீஸ் 18,000 பவுண்டு, டெபாசிட் 4,000. டெபாசிட் கட்டினா விசாவுக்குப் போட்டுரலாம்னு ஏஜென்ட் சொல்றார். அப்பா விசைப்படகுல வேலை பாக்குறாங்க, தடைக்காலம் முடிஞ்சு இப்பதான் கடலுக்குப் போறாங்க. நகையை அடகு வச்சுத்தான் கட்டணும்.

பாம்பன் தம்பி:
கட்டுங்கக்கா. எனக்கு டெபாசிட் கட்டின மறுவாரமே அன்கண்டிஷனல் வந்துச்சு.

கீழக்கரைக்காரன்:
கண்டிஷனல் லெட்டர்லயே விசா கிடைக்குமே. என் மச்சானுக்கு முதல்ல இங்கிலீஷ் கோர்ஸ், அப்புறம் காலேஜ்னு லெட்டர் வந்துச்சு. அதை வச்சே போனான். கனடா.

தொண்டி அண்ணன்:
11 வருஷமா ஒரு பேங்க்ல வெளிநாட்டுப் பணம் அனுப்புற பிரிவுல இருக்கேன். கனடா விதி வேற, அதை இதுல கலக்க வேண்டாம். பாம்பன் தம்பிக்கு மார்க்கும் ஐஇஎல்டிஎஸும் கையில இருந்திருக்கும், பணம் மட்டும்தான் பாக்கி. உனக்கு ரெண்டுமே பாக்கிம்மா. பணம் கட்டினதால அந்த நிபந்தனை போகாது.

இங்கிலாந்து விசாவுக்கு அன்கண்டிஷனல் லெட்டரும் போதாது. அதுக்கப்புறம் யுனிவர்சிட்டி தர்ற சி.ஏ.எஸ். நம்பர் வேணும். அது இல்லாம விண்ணப்பமே நகராது.

டெபாசிட்டை கண்டிஷனல் லெட்டர் வச்சே அனுப்பலாம். லெட்டர், பாஸ்போர்ட், பான் கார்டோட ஏ2 ஃபாரம் எழுதிக் கொடுத்தா பேங்க்ல அனுப்புவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரீஃபண்ட் விதியைப் படி. மார்க் வரலைன்னா பணம் திரும்புமா, எவ்வளவு பிடிப்பாங்க, எந்தத் தேதிக்குள்ள கேக்கணும். அது எழுத்துல இல்லாம நகையைத் தொடாதே.

மண்டபம் பொண்ணு:
முழு ஃபீஸும் கட்டிட்டா விசா ஈசின்னும் சொன்னார் அண்ணே.

தொண்டி அண்ணன்:
அவசியமில்லம்மா. நீ கட்டின 4,000 சி.ஏ.எஸ்.ல ஏறும். மிச்சம் 14,000, அதோட 9 மாசச் செலவு, இதைக் கணக்குல காட்டினா போதும். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் இருக்கணும், ஒரு நாள் குறைஞ்சாலும் விசா மறுப்புக்கு அதுவே போதும். அந்த 28ஆவது நாள்ல இருந்து 31 நாளுக்குள்ள விசாவுக்குப் போடணும். அப்பா கணக்குன்னா உன் பிறப்புச் சான்றிதழும் அவர் சம்மதக் கடிதமும் வேணும். அதனால ரிசல்ட் வர்ற தேதியைப் பாத்து, அப்புறம் பணத்தைப் போடு. இப்பவே அடகு வச்சா வட்டிதான் ஓடும்.

மண்டபம் பொண்ணு:
டெபாசிட் கடைசித் தேதி ரிசல்ட்டுக்கு முன்னாடி வருதே?

தொண்டி அண்ணன்:
அட்மிஷன் ஆபீஸுக்கு நீயே மெயில் போடு, ஏஜென்ட் வழியா வேண்டாம். ரிசல்ட் வர்ற வரை தள்ளி வைக்கக் கேளு. சில இடத்துல தருவாங்க, சில இடத்துல அடுத்த சேர்க்கைக்கு மாத்தச் சொல்வாங்க.

மண்டபம் பொண்ணு:
மெயில் போட்டுட்டேன். ப்ரொவிஷனல் சான்றிதழ் போதுமான்னும் கேட்டிருக்கேன். பதில் வரல. ஐஇஎல்டிஎஸ் தேதி மட்டும் இன்னைக்கு பதிஞ்சுட்டேன்.