புதுப்பிப்பு: அண்ணன் பிள்ளைகளின் இபிஎஸ் எனும் பி.எஃப். ஓய்வூதியம்

நான் முன்பு கேட்டது: "மில்லில் வேலை பார்த்த அண்ணன் இறந்து, இப்போது அண்ணியும் போய்விட்டார். மனவளர்ச்சி குன்றிய மகனுக்கு 27 வயது, மகளுக்கு 22. பணம் எதுவரை வரும்?"

மகனுக்கு 25 தாண்டிவிட்டதால் எதுவும் வராது என்று காரைக்குடி நண்பர் எழுதியது பாதிதான் சரி. மகளின் தொகை 25 வயதோடு நிற்கும். நிரந்தரமாக, முழுமையாக இயலாதவன் என்று மருத்துவச் சான்று இருந்தால் மகனுக்கு ஆயுள் முழுதும் உண்டு. இதை விளக்கிய ஓய்வுபெற்ற கணக்கர் ஐயா, தாயும் இல்லாததால் இருவரும் அநாதைப் பிள்ளைகளாகவே கணக்கிடப்படுவார்கள் என்றார். அதாவது, அண்ணி பெற்ற 1,000 ரூபாயில் கால் பங்கான 250 அல்ல, முக்கால் பங்கான 750 ஆளுக்குக் கிடைக்கும். இதற்கு 10டி படிவம் கொடுத்துவிட்டோம்.

தேவகோட்டை மாமா தம் மகளுக்கு ஓய்வூதியம் கிடைத்ததைச் சொன்னார். அது அரசு ஊழியர் குடும்பத்துக்கான விதி, இது வேறு.

பிள்ளைகளின் அப்பத்தா, "பெத்தவளுக்கு இல்லையாப்பா?" என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. மனைவியோ பிள்ளைகளோ நியமனதாரரோ இல்லாதபோதுதான், சார்ந்திருந்த தந்தைக்கும் அவருக்குப் பின் தாய்க்கும் அது போகும்.

மகன் வயதுவந்தவன் என்பதால், அவனுக்காகக் கையெழுத்திடச் சட்டப்படியான காப்பாளர் வேண்டும் என்கிறார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்குச் சிவகங்கையில் விண்ணப்பித்துள்ளோம். ஆணை இன்னும் வரவில்லை.