சென்ற ஆண்டின் தொகையே ஏன் இந்த ஆண்டும் வருகிறது?

பாரி: எந்தத் துறையின் பட்ஜெட்டைப் பார்த்தாலும் பழைய தொகையோடு கொஞ்சம் கூடுகிறது, கொஞ்சம் குறைகிறது. ஒவ்வோர் ஆண்டும் எல்லாச் செலவையும் பூச்சியத்திலிருந்து ஏன் எடைபோடுவதில்லை?

செழியன்: துணிவில்லாத அரசியல்தான் காரணம். ஒரு திட்டத்தை நிறுத்தினால் அதில் பயன்பெற்றவர்கள் கொதித்தெழுவார்கள். புதிய திட்டத்தால் பயன்பெறப் போகிறவர்களோ இன்னும் ஓர் அணியாகவே திரளவில்லை. உறுதியான தலைவர் ஒருவர் வந்தால் ஓராண்டில் மாற்றலாம்.

கயல்: முதல் பாதியை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் தலைவர் வந்து முயன்றும் பார்த்துவிட்டார். ஜிம்மி கார்ட்டர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்தபோது, பூச்சியத்திலிருந்து எடைபோடும் இந்த முறையைத் தொடங்கினார்; அதிபரானதும் 1977இல் அதை மத்திய அரசுக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிரிவும் தன் பணியைக் குறைந்தபட்ச அளவு, இப்போதைய அளவு, கூடுதல் அளவு என்று பிரித்தெழுதி வரிசைப்படுத்த வேண்டும். நடைமுறையில் 'குறைந்தபட்சம்' என்பது பழைய தொகையைச் சற்றே குறைத்ததாகிவிட்டது. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு: யாரும் வெட்டத் துணியாத பணியை வரிசையின் அடியில் வைத்தால், மேலே இருப்பவை எல்லாம் தப்பித்துவிடும். படித்துத் தீராத அளவுக்குத் தாள்கள் குவிந்தன. 1981இல் அடுத்து வந்த அதிபர் ரீகனின் அரசு அந்த முறையைக் கைவிட்டது.

கணக்கையும் பாருங்கள். ஒரு துறைக்கு 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். சம்பளமும் ஓய்வூதியமும் 70, பல்லாண்டு ஒப்பந்தங்கள் 15, பராமரிப்பு 10. மிஞ்சிய 5 கோடியைத்தான் அந்த ஆண்டில் தொட முடியும். அதை முழுவதுமாக வெட்டினாலும் மாற்றம் ஐந்து விழுக்காடுதான்.

அகவன்: நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். நிதியாண்டு முடியும்போது மிச்சப் பணத்தை அவசரமாகச் செலவழிப்போம், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். ஊழியர்களின் இந்தப் பழக்கம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

கயல்: அது காரணமல்ல, விளைவு. சென்ற ஆண்டின் தொகையே அடுத்த பேரத்தின் தொடக்கப் புள்ளி என்பதால்தான் நீங்கள் அதைக் காக்கப் பாடுபட்டீர்கள்.

பாரி: அப்படியென்றால் பெரிய மாற்றமே வராதா?

கயல்: வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க பட்ஜெட் ஒதுக்கீடுகளை அரசியல் அறிஞர்களான பாம்கார்ட்னரும் ஜோன்ஸும் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான மாற்றங்கள் மிகச் சிறியவை, ஆனால் மிகப் பெரிய தாவல்களும் எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஆட்சியாளர்களால் எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. கவனிக்காத துறையில் பிரச்சினை சேர்ந்துகொண்டே போகிறது, ஒரு நெருக்கடியில் எல்லாம் சேர்ந்து வெடிக்கிறது.

செழியன்: அப்படியானால் இந்த மெதுவான போக்கை நீங்கள் ஏன் ஆதரிக்கிறீர்கள்? நெருக்கடிவரை காத்திருப்பதில் அடிபடுகிறவர்கள் யார்? அந்த 95 கோடியும் ஒருநாள் யாரோ முடிவெடுத்ததுதான். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்குத் துறைகளையாவது சுழற்சியில் முழுதாக ஆராயலாம்.

கயல்: அது நடக்கக்கூடியது. ஆனால் ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய ஆண்டில் ஆராய வேண்டும், புதுப்பித்த பிறகு ஆராய்ந்து பயனில்லை. சம்பளப் பங்குக்கு இதுவும் போதாது. ஓய்வுபெறுவோர் இடத்தை நிரப்புவதா என்ற கேள்வியில்தான் அது அசையும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

செழியன்: பல ஆண்டுகள் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.