போனில் அமுக்கிய நாலு எண்

மறதிமன்னன்:
மூன்று மாதமாகிறது, இன்னும் உறுத்துகிறது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு பெண். "உங்க போன் பேங்கிங் ரகசிய எண்ணை, அந்த டிபின்னை, என்கிட்ட சொல்லாதீங்க சார், சிஸ்டத்துக்கு மாத்துறேன், அதுல அமுக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். பதிவுக் குரல் கேட்டது, அமுக்கினேன். காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் நாலு எண்ணும் திரையில் அப்படியே நிற்கின்றன. மூன்றாம் நாள் யாரோ நானாகப் பேசி, போன் பேங்கிங்கில் என் முகவரியை மாற்றியிருந்தார்கள். ஓடிபி எதுவும் வரவில்லை.

சுருக்குப்பை:
இதுக்குத்தான் ஓடிபி. அது இருந்தால் யாராலும் ஒன்றும் பண்ண முடியாது.

பழைய ஹெட்செட்:
பாதிதான் சரி, சுருக்குப்பை. நான் கால் சென்டரில் இருந்தவன். முகவர் காதில் விழாமல் ஐவிஆர் என்ற பதிவுக் குரல் சிஸ்டத்தில் அமுக்க வைப்பது நிஜமான நடைமுறை. அதையே நடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி ஒலி உண்டு. எதிர்முனையில் இருப்பவர் அதைப் பதிவு செய்தால் எண் தெரிந்துவிடும். நீங்களே அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்குப் பேசியிருந்தால் அந்த ஒலி வங்கிக்குப் போயிருக்கும். இங்கே அழைத்தது அவர்கள்.

டிபின் நீங்கள் மாற்றும்வரை செல்லும், அதனால்தான் அவர்களால் மூன்று நாள் பொறுக்க முடிந்தது. ஓடிபி என்றால் சில நிமிடத்தில் செத்துவிடும், ஒரு தடவைதான் செல்லும். உங்களை லைனில் வைத்துக்கொண்டே அவன் வேலையை முடிக்க வேண்டும். அப்படி முடிப்பவர்களும் இருக்கிறார்கள், சுருக்குப்பை. கடையின் பெயரும் தொகையும் குறுஞ்செய்தியிலேயே இருக்கும், அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் வாசித்துக் காட்டுகிறோம்.

தாமரை_இலை:
என் கதை வேறு. முன்பு ஆன்லைனில் அட்டையைப் போட்டால் ஒரு பெட்டி வந்து கடவுச்சொல் கேட்குமே, வெரிஃபைட் பை விசா, அது. நான் வைத்த சொல் பதினான்கு எழுத்து, அவ்வளவு பெருமை. ஒருநாள் மறந்துபோய் "மறந்துவிட்டதா" என்பதை அமுக்கினேன். அட்டை எண், காலாவதி தேதி, பிறந்த தேதி மட்டும்தான் கேட்டது. புதுச் சொல் வைத்துக்கொள் என்றது! பதினான்கு எழுத்துக்கு என்ன மதிப்பு? அட்டையும் என் பிறந்தநாளும் தெரிந்த எவரும் உள்ளே வரலாமே.

சுருக்குப்பை:
அந்தப் பெட்டியில் நாம் முன்பே எழுதிவைத்த வாசகம் ஒன்று தெரியுமே? அது இருந்தால் பாதுகாப்புதான்.

தாமரை_இலை:
அந்த வாசகம் பெட்டி நிஜமா போலியா என்று நமக்குக் காட்டத்தான். என் பெயரில் உள்ளே வருகிறவனை அது எப்படித் தடுக்கும்?

மறதிமன்னன்:
சரி, டிபின்னை மாற்றிவிட்டேன். ஏடிஎம்முக்கும் அதே நாலு எண்தான் வைத்திருந்தேன், இப்போதுதான் உறைக்கிறது. முகவரியை மாற்றியவர்கள் புது அட்டைக்கு விண்ணப்பித்தார்களா என்று கேட்டால் வங்கியில் இன்னும் பதில் இல்லை.