நடுத்தரையா, நடுமட்டமா? ஒற்றை மின்வழங்கல் பெருக்கிக்கு ஒரு சொல் தேடி

பள்ளத்தூரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல்லை மாற்ற உங்கள் உதவி வேண்டும். அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான். அதை நம்பிய ஒரு மாணவனுக்கு ஒரு வாரம் வீணாகிவிட்டது.

பாலிடெக்னிக் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஆய்வகத் தாள்கள் எழுதி வருகிறேன். இந்த மாதத் தாள், 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை மட்டும் வைத்து ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐசி கொண்டு மைக் ஒலியைப் பெருக்குவது. எல்.எம். 358 ஐசிக்கு எட்டுக் கால்கள். அதில் தரை என்று தனியாக ஒரு கால் கிடையாது. எட்டாம் காலில் பிளஸ், நான்காம் காலில் மைனஸ், அவ்வளவுதான். ஒலி அலையோ மேலும் போகும், கீழும் போகும். மைனஸைத் தரையோடு சேர்த்துவிட்டால் அலை கீழே இறங்க இடமே இல்லை. ஆகவே இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளைப் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே தொடராகப் போட்டு, நடுவிலிருந்து 6 வோல்ட் எடுத்து, அலையை அந்த உயரத்தில் நிறுத்துகிறோம். அது 6-க்கு மேலும் கீழும் ஆடும். உள்ளேயும் வெளியேயும் உள்ள மின்தேக்கிகள் அந்த 6 வோல்ட்டை மைக்குக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் போகவிடாமல் தடுத்து, ஆட்டத்தை மட்டும் கடத்தும்.

அந்த 6 வோல்ட் புள்ளிக்கு நான் வைத்த பெயர் ‘நடுத்தரை’. மாணவன் சுற்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்தான். தரை என்றால் பெட்டியோடு சேர வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறான். நடுத்தரையிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் பெட்டியில் திருகிவிட்டான். மைக் சாக்கெட்டின் உலோக ஓடு வழியாக அடாப்டரின் மைனஸும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. 6 வோல்ட் 0 ஆனது. பேசினால் அலையின் மேல்பாதி மட்டும் கரகரவென்று வந்தது. எதுவும் சூடாகவில்லை, புகையவில்லை. மேல் மின்தடையில் 1.2 மில்லி ஆம்பியர் ஓடியது, அதை யார் கவனிப்பார்? மூன்று ஐசி மாற்றிப் பார்த்திருக்கிறான், பாவம்.

‘தரை’ இல்லாத ஒரு சொல் வேண்டும்.

காரைக்குடியிலிருந்து

அண்ணே, எனக்கு ‘மெய்நிகர் தரை’ பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்வதும் அதுதான், படிக்கிற பிள்ளைக்கு அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருக்கும்.

சுற்றைப் பற்றி ஒன்று. இரண்டு மின்தடைகள் மட்டும் போதாது, நடுப்புள்ளிக்கு ஒரு மின்தேக்கியும் வேண்டும். இல்லாவிட்டால் அடாப்டரின் இரைச்சல் பாதி அப்படியே உள்ளே வரும். நான் 100 மைக்ரோ ஃபாரடை மூன்றாம் காலிலிருந்து மைனஸுக்கு நேரே போட்டுவிடுவேன். சத்தம் சுத்தமாக அடங்கிவிடும்.

பள்ளத்தூரிலிருந்து

தம்பி, மின்தேக்கி வேண்டும் என்பது சரி. போடும் இடம் தவறு. மூன்றாம் காலில்தான் மைக் ஒலியும் வந்து சேர்கிறது. அங்கே 100 மைக்ரோ ஃபாரடை வைத்தால் 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது வெறும் 1.6 ஓம். இரைச்சலோடு பேச்சும் தரைக்கு ஓடிவிடும். சத்தம் அடங்கியது அதனால்தான்!

மின்தேக்கியை இரண்டு 10 கிலோ ஓம்களின் சந்திப்பில் வைக்க வேண்டும். அங்கிருந்து 100 கிலோ ஓம் ஒன்று வழியாகத்தான் மூன்றாம் காலுக்குப் போக வேண்டும். அந்த 100 கிலோ ஓம் ஒரு கதவு மாதிரி. நிலையான 6 வோல்ட் அதைத் தாண்டிக் காலுக்கு வந்துவிடும், ஒலி அதைத் தாண்டித் திரும்பிப் போக முடியாது.

‘மெய்நிகர் தரை’ வேறொரு காரணத்தாலும் ஆகாது. தலைகீழ்ப் பெருக்கியில், பிளஸ் உள்ளீடு தரையில் இருக்கும்போது, பின்னூட்டத்தால் மைனஸ் உள்ளீடு 0 வோல்ட்டில் ஒட்டி நிற்கிறதே, அதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. அது பின்னூட்டம் உண்டாக்கும் நிலை. இது இரண்டு மின்தடைகள் உண்டாக்கும் நிலை. இரண்டும் ஒரே தாளில் வரும்போது பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

தேவகோட்டையிலிருந்து

கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுகிறேன். படிப்பு அதிகம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் சொல்கிற நடு நம்ம நியூட்ரல்தானே? அதற்குத் தமிழில் நடுநிலைக் கம்பி என்று ஈ.பி. ஆட்கள் சொல்வார்கள். என்னுடைய பழைய பெட்டி ஒன்று ‘உம்’ என்று இரைகிறது. மைக்கைப் பிடுங்கினால் இன்னும் கூடுகிறது. அந்த நடுவை நியூட்ரலில் கட்டினால் நிற்குமா?

பள்ளத்தூரிலிருந்து

தேவகோட்டைத் தம்பி, தயவு செய்து கட்டாதீர்கள். வீட்டு மின்சாரத்துக்கும் இந்தச் சுற்றுக்கும் இடையே அடாப்டரின் மின்மாற்றிதான் சுவர். அதை மீறி ஒரு கம்பி போனால் மைக்கைப் பிடிப்பவர் உயிருக்கே ஆபத்து. நியூட்ரலும் இதுவும் வேறு வேறு.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. மைக்கைப் பிடுங்கினால் இரைச்சல் குறைந்திருந்தால் குற்றம் மைக் கம்பியில். கூடுகிறது என்றால் மின்வழங்கலிலிருந்து வருவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெட்டியும் ஒற்றை மின்வழங்கலாக இருந்து, பழைய அடாப்டரில் 100 ஹெர்ட்ஸில் 0.2 வோல்ட் அலை மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் மின்தேக்கி இல்லாவிட்டால் அதில் பாதி, 0.1 வோல்ட், உள்ளீட்டுக்கு வரும். பெருக்கம் 11 என்றால் வெளியே 1.1 வோல்ட் இரைச்சல். சந்திப்பில் 100 மைக்ரோ ஃபாரடை இருந்தால் நிலை வேறு. இரண்டு 10 கிலோ ஓம்களும் மின்தேக்கியின் பார்வையில் பக்க இணைப்பு, அதாவது 5 கிலோ ஓம்:

```
f = 1 / (2 × π × R × C)
f = 1 / (2 × π × 5000 × 0.0001) = 0.32 Hz
```

100 ஹெர்ட்ஸ் இதைப்போல 300 மடங்குக்கு மேல். இரைச்சலும் அத்தனை மடங்கு குறைந்து வெளியே மூன்று நான்கு மில்லி வோல்ட்தான் மிஞ்சும். பழைய பெட்டி என்பதால் அந்த மின்தேக்கி உலர்ந்து போயிருக்கலாம். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் கேள்வியால் இன்னொன்றும் தெளிவாயிற்று. ‘நடுநிலை’ என்ற சொல்லையும் தொட முடியாது.

கானாடுகாத்தானிலிருந்து

நான் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மின்னணுவியல் தெரியாது, சொல் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுத் தளத்தைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை போன மாதம் நடந்தது. கொத்தனார் வந்ததும் தளத்தைத் தொடவே இல்லை. கண்ணாடி போலத் தெளிந்த நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, வளவைச் சுற்றிச் சுவரெல்லாம் நெஞ்சு உயரத்தில் ஒரே மட்டத்தில் கோடு போட்டார். பிறகு எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். கல்லுக்குக் கீழே இத்தனை, நிலைக்கு மேலே இத்தனை. அந்தக் கோட்டில் யாரும் கால் வைப்பதில்லை, எதையும் மாட்டுவதும் இல்லை. அதற்கு அவர் சொன்ன பெயர் ‘மட்டம்’.

அண்ணன் சொல்கிற 6 வோல்ட்டும் அப்படித்தானே? அது தரை இல்லை. தரைக்கும் கூரைக்கும் நடுவே, மேலும் கீழும் அளக்க வைத்துக்கொண்ட கோடு. ‘நடுமட்டம்’ என்று சொல்லலாமா?

இன்னொன்று. அலையை அந்த 6 வோல்ட்டில் நிறுத்துவதற்குத் தாளில் ‘சார்பு அளித்தல்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். பள்ளிக் கணக்கில் சார்பு என்றால் வேறு. ஒரே பிள்ளை காலையில் ஒன்றையும் மதியம் வேறொன்றையும் அதே சொல்லால் படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

அந்தச் சார்பு அளித்தலை நாங்கள் இங்கே ‘கோடல்’ என்று படித்தோம், முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என்று. பெருக்கியை விரியலாக்கி என்போம். மின்தேக்கி எங்களுக்குக் கொள்ளளவி. ஆச்சி சொன்ன நடுமட்டம் இரு கரைக்கும் விளங்கும். ஆனால் ஒரு ஐயம்: மட்டம் என்றால் பேச்சுவழக்கில் தரம் குறைந்தது என்றும் பொருள் வருமே?

காரைக்குடியிலிருந்து

நீர்மட்டம், கடல்மட்டம் என்று சொல்லும்போது யாரும் தரக்குறைவாக நினைப்பதில்லை. சேர்ந்து வந்தால் குழப்பம் இருக்காது. நான் மெய்நிகர் தரையை விட்டுவிடுகிறேன். மின்தேக்கியையும் இடம் மாற்றிவிட்டேன் அண்ணே, பேச்சு முழுசாகக் கேட்கிறது.

ஆனால் புதிதாக ஒன்று. வெளியீடு முதல் காலில் 10.5 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டது. நடுமட்டம் சரியாக 6 காட்டுகிறது. பின்னூட்டத்தில் 100 கிலோ ஓமும், மைனஸ் உள்ளீடான இரண்டாம் காலிலிருந்து அடாப்டரின் மைனஸுக்கு 10 கிலோ ஓமும் இருக்கின்றன. அந்த 10 கிலோ ஓமுக்குக் கீழே மின்தேக்கி போட்டுப் பார்த்ததும் இறங்கி வந்துவிட்டது. ஏன்?

பள்ளத்தூரிலிருந்து

ஆச்சி, ‘நடுமட்டம்’ என் தாளில் ஏறிவிட்டது. கொத்தனாரின் கோட்டையும் அப்படியே எழுதப்போகிறேன். ‘இதில் எதையும் மாட்டாதே’ என்று நான் தனியாக எச்சரிக்கை எழுத வேண்டியதை உங்கள் சொல்லே சொல்லிவிடுகிறது. இரண்டு 10 கிலோ ஓம்களால் ஆன கோடு உண்மையிலேயே சுமை தாங்காது. அதிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம் ஒன்றை இணைத்தாலே 6 வோல்ட் 1 வோல்ட்டாக இறங்கிவிடும். எங்கேனும் சுமை ஏற்றியே ஆக வேண்டுமென்றால், நடுவில் பெருக்கம் 1 உள்ள இன்னொரு ஆப்-ஆம்ப் வேண்டும். 358-இல் இரண்டாவது ஒன்று சும்மாதானே இருக்கிறது.

காரைக்குடித் தம்பிக்கு: உங்கள் 10 கிலோ ஓம் நேரே மைனஸில் இருந்தபோது, ஐசி ஒலியை மட்டுமல்ல, நடுமட்டத்தையும் 11 மடங்கு பெருக்கப் பார்த்தது. 66 வோல்ட்டுக்கு எங்கே போகும்? தன்னால் முடிந்த உச்சியில் நின்றுவிட்டது. 358-க்கு அந்த உச்சி பிளஸுக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழே. 10 மைக்ரோ ஃபாரடை இருந்தால் நிலையான மின்னோட்டத்துக்கு வழி இல்லை. நடுமட்டத்துக்குப் பெருக்கம் 1, ஒலிக்கு 11. மின்தேக்கியின் பிளஸ் முனை ஐசி பக்கம் இருக்கட்டும், உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் அப்படியே.

மின்சாரம் கொடுத்த உடனே மீட்டர் வைத்தால் அப்போதும் உச்சியில்தான் காட்டும், பயப்பட வேண்டாம். மின்தேக்கிகள் நிரம்ப இரண்டு மூன்று நொடி ஆகும். அதன் பிறகு அளந்தால்தான் கணக்கு.

பள்ளத்தூர் ஐயாவின் மாணவன்

ஐயா, கம்பியைக் கழற்றிவிட்டேன். நடுமட்டம் 5.98. முதல் கால் 5.97. நீங்கள் சொன்னபடி முதலில் 10-க்கு மேல் போய்த்தான் இறங்கியது. எடுத்து வைத்திருந்த மூன்று பழைய ஐசிகளையும் போட்டுப் பார்த்தேன், மூன்றும் நன்றாகவே இருக்கின்றன.

உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் உள்ள மின்தேக்கிக்குத் தாளில் ‘இணைப்பு மின்தேக்கி’ என்று இருப்பதையும் மாற்ற முடியுமா ஐயா? அது இணைக்கிறது என்பதைவிடப் பிரிக்கிறது என்றுதான் எனக்குப் புரிகிறது.

கானாடுகாத்தானிலிருந்து

தம்பி கேட்பது சரியான கேள்வி. ஆட்டத்தை விட்டு, நிலையாக நிற்பதைத் தடுக்கிறது என்றால் இரண்டும் ஒரே சொல்லில் வர வேண்டும். ‘வடி’ என்ற வேரிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று யோசிக்கிறேன். வடிகட்டி வேறு என்று அண்ணன் மறுப்பார். சார்புக்கும் இன்னும் விடை வரவில்லை. யாழ்ப்பாணத்து ஐயா, ‘கோடல்’ எந்த வேர் என்று எழுதுங்களேன்.