வால் மட்டும், கால் மட்டும், கண் மட்டும்: இலைமறைவில் பார்த்தவை (அனுபவப் பகிர்வு)

இலைமறைவு:
கிளைக் கவட்டிலிருந்து ஒரு கறுத்த வால் தொங்கியது. உடம்பு முழுக்க இலைக்குள். பின்னால் வானம் வெளுத்திருந்ததால் நிறத்தை நம்ப வழியில்லை. நுனி மட்டும் மெல்ல மேலே சுருண்டு, இறங்கி, மறுபடியும் சுருண்டது. மீதி வால் ஆடவே இல்லை. கூட இருந்தவர்கள் "கருமந்தி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். அந்த நுனி அசைவு எனக்கு இன்னும் இடிக்கிறது. வால் மட்டும் கிடைத்தால் நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

பழைய தடம்:
மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் குழப்பம் சகஜம். கருமந்தியும் அங்கே உண்டு, கருஞ்சிறுத்தையும் அங்கே உண்டு. வாலின் நீளம் உதவாது, இரண்டுக்குமே ஏறத்தாழ மூன்றடிக்குப் போகும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் நிறமும் போச்சு. மிச்சம் இருப்பது பருமனும் ஓரமும்தான்.

மந்தியின் வால் கயிறு மாதிரி. அடி முதல் நுனி வரை பருமன் பெரிதாக மாறாது. உட்கார்ந்திருக்கும்போது நேர்க்கீழாகத் தொங்கும், காற்றடித்தால் முழுசாக ஆடும். சிறுத்தையின் வால் அடியில் நன்றாகத் தடித்திருக்கும், கடைசிப் பகுதி மேல்நோக்கி வளையும், நுனியை மட்டும் தனியாக அசைக்கும். நீங்கள் சொல்வது இந்த இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம். ஆனால் அசைவு ஒன்றை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

அடுத்து, வால் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மந்தி நிமிர்ந்து உட்காரும், அதனால் உடம்பு வாலுக்கு நேர் மேலே இருக்கும். சிறுத்தை கிளை நெடுக்கக் கவிழ்ந்து படுக்கும், உடம்பு வாலுக்குப் பக்கவாட்டில் போகும். வால் தொடங்குமிடத்திலிருந்து கிளையோடு இரண்டு மூன்றடி பைனாகுலரை மெதுவாக நகர்த்தினால், இருபுறமும் தொங்கும் கால்களில் ஒன்றாவது இலையிடுக்கில் அகப்படும். அந்தப் பாதத்தின் அகலத்தைப் பார்த்தால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. மந்தியின் கையில் நீள விரல்கள் தனித்தனியாகத் தெரியும்.

மலை அணிலின் வாலும் இப்படித் தொங்கும், அதுவும் உடம்பைவிட நீளம். ஆனால் அது அடர்ந்த மயிர் வால். பின்னால் வெளிச்சம் இருந்தால் ஓரத்து மயிர்கள் ஒளி பட்டு மங்கலாகத் தெரியும், விளிம்பு கோடு கிழித்தாற்போல் இருக்காது. சிறுத்தைக்கும் மந்திக்கும் விளிம்பு தெளிவாக இருக்கும்.

இலைமறைவு:
வால் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே இலையிடுக்கில் வானம் தெரிந்தது ஐயா. நிமிர்ந்து உட்கார்ந்த உடம்பு அங்கே இல்லை.

பழைய தடம்:
அது நல்ல தடயம்தான். ஆனாலும் மந்திகள் வெயில் ஏறிய நேரத்தில் கிளையில் கவிழ்ந்து, கைகால்களைத் தொங்கவிட்டுத் தூங்குவதுண்டு. பக்கத்து மரங்களில் வேறு வால்கள் இருந்தனவா? மந்தி பெரும்பாலும் கூட்டமாக இருக்கும். ஒரே ஒரு வால், சுற்றிலும் ஓசையே இல்லை என்றால் சந்தேகத்தை சிறுத்தை பக்கம் சாய்க்கலாம். தனியாகத் திரியும் ஆண் மந்தியும் உண்டு என்பதால் சாய்க்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

செம்மண்:
வாலை விடுங்க. ராத்திரியில டார்ச் அடிச்சா கண்ணே சொல்லிடும். சிவப்பா மின்னினா மாமிசம் தின்கிறது, பச்சையா மின்னினா மான். புதருக்குள்ள ரெண்டு சிவப்புப் புள்ளி தரையோட தரையா ஜொலிச்சதைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். நிச்சயம் சிறுத்தைதான், பதுங்கிக்கிட்டு இருந்துச்சு.

இரவுப்பக்கி:
செம்மண் அண்ணே, தரையோடு தரையாகச் சிவப்பு என்றால் முதலில் பக்கிக்குருவியைத் தள்ளிவிட்டுத்தான் சிறுத்தைக்கு வரவேண்டும். பக்கி காட்டுப்பாதையிலேயே உட்காரும், கண் நெருப்புத் துண்டுபோல் சிவந்து மின்னும். பெரும்பாலும் ஒரு கண்தான் தெரியும். கிட்டே போனால் அந்த ஒளி அப்படியே மேலெழுந்து பறந்துவிடும்.

கண் மின்னும் என்பது சரி, நிறத்தை வைத்து இனம் சொல்வதுதான் சரியில்லை. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் மின்னுகிறது. டார்ச் கோணம் கொஞ்சம் மாறினாலும் அதே மானின் கண் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று மாறும். நிறத்துக்குப் பதில் மூன்று விஷயம் பாருங்கள்: தரையிலிருந்து உயரம், இரண்டு கண்களுக்கிடையே தூரம், அசைவு. மான் தலையைத் தூக்கும், இறக்கும், பக்கவாட்டில் திருப்பும். திருப்பியதும் ஒரு கண் அணைந்து மற்றது மட்டும் மின்னும், ஏனென்றால் அதன் கண்கள் தலையின் பக்கங்களில் இருக்கின்றன. பூனை இனத்துக்கு இரண்டும் முன்னோக்கியவை. அசையாமல் உங்களையே பார்க்கும், இரண்டும் சேர்ந்தே மின்னும், தலையைத் திருப்பினால் கிட்டத்தட்டச் சேர்ந்தே அணையும்.

இன்னொன்று: குரங்குகளுக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தப் படலம் கிடையாது. புதருக்குள் பெரிய உடம்பு நகரும் சத்தம் கேட்டும் கண் மின்னவில்லை என்றால் பன்றியை நினையுங்கள். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் எதன் கண்ணும் சரியாக மின்னாது, ஒளி திரும்பி டார்ச்சுக்குத்தான் போகும். உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கவேண்டும்.

செம்மண்:
பக்கின்னா ரெண்டு கண்ணு எப்படித் தெரிஞ்சுது? நான் பார்த்தது ரெண்டு.

இரவுப்பக்கி:
நேரே பார்த்து உட்கார்ந்தால் இரண்டும் தெரியலாம். இரண்டு பறவைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாம். சிறுத்தையாகவே இருந்திருக்கவும் கூடும், நான் மறுக்கவில்லை. சிவப்பு என்பது சான்றாகாது, அவ்வளவுதான்.

கல்லருவி:
உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் நாலு கால் மட்டும். மேலே பச்சைச் சுவர். முழங்காலுக்குக் கீழே அழுக்கு வெள்ளை, அதற்குமேல் சட்டென்று கறுப்பு. காட்டுமாடு என்று புரிய ஒரு நொடி போதும். முதிர்ந்த காட்டுமாட்டுக்கு இருக்கும் அந்த வெள்ளைக் காலுறை வேறு எதற்கும் அப்படி இராது.

சிக்கல் எங்கே என்றால் சேற்றில் இறங்கி ஏறியபிறகு. காலுறை மறைந்துவிடும், கடமானும் சேற்றில் புரளும், இரண்டுமே கரும்பழுப்புக் கால்களாகிவிடும். அப்போது பருமனைப் பாருங்கள். கடமானின் கால் அந்த உடம்புக்கு மெலிந்தது, உட்புறம் வெளிறியிருக்கும். காட்டுமாட்டின் கால் உடம்பைப் பார்க்கக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும்.

குளம்பா பாதமா என்பதையே புல் மறைத்துவிட்டால், பின்னங்காலில் பின்னோக்கி மடிந்த மூட்டைத் தேடுங்கள். பலர் அதை முழங்கால் என்கிறார்கள், அது குதிகால். மானுக்கும் மாட்டுக்கும் அது தரையிலிருந்து நன்றாக உயரத்தில், எலும்பு துருத்திக் கூர்மையாகத் தெரியும். சிறுத்தைக்கு அது தாழ்வாக இருக்கும். கரடி குதிகாலைத் தரையில் பதித்தே நடக்கும், அந்தத் துருத்தலே இராது.

யானைக்கு மட்டும் தனிக்கணக்கு. அதன் காலை அடிமரம் என்று பார்வை தாண்டிவிடும். அடிமரம் தரையைத் தொடும்போது வேராக விரியும். யானைக்கால் வட்டமாக முடியும், முன்பக்கத்தில் நகங்கள் வெளிறித் தெரியும்.

மாலைவெயில்:
எங்க வீட்டு ஓட்டு மேல ராத்திரி கறுப்பா நீளமா ஒரு வால் போகுது. இதுவும் சிறுத்தைக்குட்டியா இருக்குமா? வால்ல வளையம் எதுவும் இல்லை.

கல்லருவி:
இது இலைமறைவுத் திரி, இருந்தாலும் சொல்கிறேன் அக்கா. ஓட்டின் மேல், இரவில், வளையமில்லாத கறுப்பு வால் என்றால் மரநாயாகத்தான் இருக்கும். வாலில் கருப்பும் வெளுப்புமாக வளையங்கள் இருந்திருந்தால் புனுகுப்பூனையை நினைக்கலாம். அது பெரும்பாலும் தரையில் நடமாடுவது.

குறிப்பேடு:
எல்லாரும் விலங்கைப் பற்றியே பேசுகிறீர்கள், பார்க்கும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

வால் தெரிந்ததும் எல்லாரும் நல்ல கோணம் தேடி நகர்கிறார்கள். அங்கேதான் கெடுகிறது. நகராதீர்கள். தெரியும் பகுதிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு இலையையோ கணுவையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அளவை அதோடு ஒப்பிடலாம், "பெரிசா இருந்துச்சு" என்று சொல்லவேண்டியிருக்காது.

புள்ளிகள் தெரிந்தால் காற்றடிக்கும்வரை காத்திருங்கள். இலை வழியே விழும் வெயில்திட்டுகள் சிறுத்தைப் புள்ளியாகவும் புள்ளிமானாகவும் தெரியும். இலை அசையும்போது வெயில்திட்டும் நகரும், தோலில் உள்ள புள்ளி அதே இடத்தில் இருக்கும். அடிவயிற்றுக்கு மேலே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகச் சேர்ந்து கோடுபோல் ஓடினால் அது புள்ளிமான்.

கண்டதை உடனே வரையுங்கள், பெயர் எழுதாமல். பெயரை எழுதிவிட்டால் பாராத புள்ளியையும் வளையத்தையும் கை தானாகவே போட்டுவிடும்.

கல்லருவி சொன்ன காட்டுமாட்டுக் காலைப் பார்த்தால் குளம்பை உறுதிசெய்யக் கிட்டே போகவேண்டாம். கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, வந்த வழியே பின்வாங்குங்கள்.

ஓடைக்கரை:
நான் பார்த்தது கண். பகல் வெளிச்சம், மூங்கில் இடைவெளி, உள்ளங்கையளவு முகம். ஒரு பெரிய கண், அதற்கு முன்னால் சற்றுக் கீழே இன்னொரு கண் திறந்து மூடியது. இரண்டு விலங்குகள் ஒட்டி நிற்கின்றன என்றார்கள். எனக்குத் திருப்தியில்லை.

பழைய தடம்:
கடமான். கண்ணுக்கு முன்னால் ஒரு சுரப்பிப் பிளவு இருக்கிறது. மிரண்டாலோ சினந்தாலோ அது அகலத் திறக்கும், உட்தோல் பிதுங்கி இன்னொரு கண்போலவே தெரியும். அந்த இரண்டாவது "கண்ணில்" பளபளப்பு இருக்காது, இமைமயிரும் இருக்காது. கேளையாட்டுக்கும் அந்தச் சுரப்பி உண்டு, ஆனால் கண் உயரம் எங்கே இருந்தது? இடுப்புக்கு மேலே என்றால் கேளையாடு இல்லை.

ஓடைக்கரை:
நெஞ்சு உயரம். கடமானேதான். முன்காலை ஓங்கித் தரையில் அடித்த சத்தமும் கேட்டது, அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

பழைய தடம்:
அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

சருகோசை:
எனக்கு ஒரு கறுப்பு நுனி. புல்லுக்கு மேலே வால்நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்து, நேர்கோட்டில் நகர்ந்து போனது. கீரி என்பதில் சந்தேகமில்லை. எந்தக் கீரி?

கல்லருவி:
சாம்பல் கீரிக்கு நுனி கறுப்பில்லை, அதைத் தள்ளிவிடலாம். செங்கீரி நுனியை அப்படித் தூக்கிக்கொண்டு போகும்.

இரவுப்பக்கி:
கழுத்துக்கோட்டுக் கீரிக்கும் கறுப்பு நுனிதான், அதுவும் தூக்கும். கழுத்தில் கறுப்புக் கோடு தெரியாமல் எப்படிச் செங்கீரி என்கிறீர்கள்? பக்கத்தில் ஓடை இருந்ததா?

கல்லருவி:
வறண்ட புதர்க்காடாக இருந்தால் செங்கீரி என்றே சொல்வேன்.

சருகோசை:
ஓடையும் இருந்தது, வறண்ட புதரும் இருந்தது.