காம்ப்ளிமென்ட் கட்ட அக்செப்ட்டையும் ரிஜெக்ட்டையும் மாத்தினது ஏன் தப்பு?

தறிநூல்: நாளைக்குத் தாள் கொடுக்கணும், அவசரம். M-ங்கிற டூரிங் மெஷினோட மொழிக்குக் காம்ப்ளிமென்ட் கட்ட அக்செப்ட், ரிஜெக்ட் ரெண்டையும் மாத்திப் போட்டேன். தப்புன்னு வந்துடுச்சு. போன பாடத்துல இதே வழி சரியா இருந்துச்சே?

நாடா: கேள்வியில டிசைடபிள்னு இருக்கா, ரெகக்னைசபிள்னு இருக்கா?

கிளைவழி: M நான்டிடெர்மினிஸ்டிக்கா இருக்கும். ஒரு கிளை ஏத்துக்கிட்டு இன்னொண்ணு மறுத்தா, மாத்தின பிறகும் அந்தச் சரம் உள்ளேதான் இருக்கும். எனக்கு NFA-ல இப்படித்தான் ஆச்சு.

பழங்கணக்கு: கேள்வியையே முழுசா எழுதத் தெரியாம தேர்வுக்கு எப்படிப் போறீங்க? இதெல்லாம் முதல் வாரப் பாடம்.

தறிநூல்: டிடெர்மினிஸ்டிக்தான். ரெகக்னைசபிள்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சேன்.

நாடா: சிக்கல் அங்கேதான். ரெகக்னைசர் மொழியில இருக்கிற சரத்தை ஏத்துக்கும், இல்லாத சரத்துக்கு நிக்காமலே சுத்தலாம். M-க்கு a கொடுத்தா ஏத்துக்குது, aa-வை மறுக்குது, aaa-வுக்கு நிக்காம சுத்துதுன்னு வைங்க. மாத்தின மெஷின் aa-வை ஏத்துக்கும், அது சரி. ஆனா aaa-வையும் ஏத்துக்கணுமே? அது இப்பவும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். டிசைடர் எல்லாச் சரத்துக்கும் நின்னுடும், அதனால அங்கே மாத்தினா போதும்.

இதை வச்சு "வேற மெஷினே கிடையாது"ன்னு எழுதிடாதீங்க, அதுக்குத் தனி நிரூபணம் வேணும். L-ங்கிற மொழிக்கும் அதன் காம்ப்ளிமென்ட்டுக்கும் ஆளுக்கொரு ரெகக்னைசர் இருந்தா, ரெண்டையும் ஒவ்வொரு அடியா மாத்தி மாத்தி ஓட்டலாம். எந்தச் சரமானாலும் ஏதாவது ஒண்ணு ஏத்துக்கும், ஆக L டிசைடபிள் ஆயிடும். நிறுத்தச் சிக்கல் ரெகக்னைசபிள், ஆனா டிசைடபிள் இல்லைன்னு 1936-ல டூரிங் செய்த வேலையிலிருந்து தெரியும். அப்போ அதன் காம்ப்ளிமென்ட்டுக்கு ரெகக்னைசர் இருக்கவே முடியாது.

புதுப்பானை: அப்போ ரெகக்னைசபிளுக்கு யூனியனும் போச்சு. முதல் மெஷின் சுத்த ஆரம்பிச்சா ரெண்டாவதுக்குப் போகவே மாட்டோம்.

நாடா: ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னு ஓட்டினா நீங்க சொல்றது சரி. அடி அடியா மாத்தி ஓட்டினா யூனியன் தப்பிச்சுடும். கான்கேட்டனேஷனும் அப்படித்தான். ab-யை மூணு விதமா வெட்டலாம்: வெற்றுச்சரமும் ab-யும், a-வும் b-யும், ab-யும் வெற்றுச்சரமும். டிசைடருக்கு வரிசையா சோதிச்சா போதும். ரெகக்னைசருக்கு மூணு வெட்டையும் 1 அடி, அப்புறம் 2 அடி, 3 அடின்னு ஓட்டணும். இல்லேன்னா முதல் வெட்டுலயே மாட்டிக்கிட்டு, a-b வெட்டைப் பார்க்காமலே போயிடுவோம்.

கிளைவழி: டிசைடபிள் மொழியோட ஸ்டாருக்கு எல்லா வெட்டையும் பார்க்கணும்னா நீளம் 10-க்கே 512 வருதே? துணைச்சரங்கள் 55-தான். அதுக்கு ஒரு அட்டவணை போட்டா போதும்.

பழங்கணக்கு: இங்கே வேகத்தை யார் கேட்டாங்க? முடிவுள்ள எண்ணிக்கை, அவ்வளவுதான். வெற்றுச்சரத்தை நேரா ஏத்துக்கணும்னு எழுத மறக்காம இருந்தா சரி.

கிளைவழி: அட்டவணையில நிரூபணமும் சுருக்கமா வரும். முதல் i எழுத்து பிரியுமான்னு மட்டும் பார்த்தா போதும்.

பழங்கணக்கு: சுருக்கம் இல்லை, சுத்து வழி. 512-ஐ வரிசையா பார்க்கிறதுல என்ன குழப்பம்?

தறிநூல்: aaa-ல புரிஞ்சுடுச்சு, நன்றி. ஸ்டாருக்கு எந்த வழியை எழுதட்டும்?