'பரிந்துரைச் சுழல்': சொல் சரிதானா?

ந., மதுரை
நண்பர்களே, இணையப் புத்தகக் கடையில் சோழர் கால நாவல் ஒன்று வாங்கினேன். அன்று முதல் கடை நீட்டுவதெல்லாம் சோழர் கால நாவல்கள்தாம். நம் பழைய தேடல்களைப் பார்த்து, நமக்குப் பிடிக்கும் என்று நினைப்பதை மட்டும் இணையம் வடிகட்டிக் காட்டும் நிலைக்கு எழுத்தாளர் ஈலை பாரிசர் 2011இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்லை 'வடிகட்டிக் குமிழி' என்கிறோம். இதற்கு அது ஒட்டவில்லை. 'பரிந்துரைச் சுழல்' எனலாமா? வெளியேறுவதற்கும் ஒரு சொல் வேண்டும்.

கு., சென்னை
குமிழியே போதும். கணக்கிலிருந்து வெளியேறி, குக்கீகளை அழித்துவிட்டுத் தேடினால் உடைந்துவிடும். 'குமிழி உடைப்பு' என்று வையுங்கள்.

செ., பெங்களூரு
முகப்புப் பக்கம் மாறும் ஐயா, அதுவரை சரி. ஆனால் நாவலின் பக்கத்தில் 'இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினர்' என்று வரும் வரிசை அநேகமாக அப்படியேதான் இருக்கும். அமேசான் பொறியாளர்கள் 2003இல் இம்முறையை விளக்கி எழுதினார்கள்: ஒரே ஆள் எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்து வாங்கினார் என்று பார்த்து, பொருளுக்குப் பொருள் நெருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது. அது ஊரார் வாங்கியதன் கணக்கு. உங்கள் குக்கீக்கு அதில் வேலையில்லை. எதையும் யாரும் வடிகட்டவும் இல்லை. நாவலோடு சேர்த்து எவரும் வாங்காத நூலுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. அதனால் என் ஓட்டு 'உடன்வாங்கல் வளையம்'.

ல., கோவை
எனக்கு நாவலே வருவதில்லை! மகனுக்குப் பத்தாம் வகுப்பு கைடு வாங்கினேன், இப்போது கைடாகவே கொட்டுகிறது. இதற்கு என்ன பெயர்?

நூலகர், கும்பகோணம்
அம்மா, உங்கள் சிக்கல் எளிது. வாங்கிய பட்டியலில் அந்தக் கைடைப் பரிந்துரைக்குக் கணக்கில் எடுக்காதே என்று குறிக்கச் சில கடைகளில் வசதி உண்டு.

மதுரை நண்பருக்கு: நாவலை விட்டுவிட்டு, நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். அவை கல்வெட்டுத் தொகுதிகளுக்குக் கூட்டிப்போகும். அங்கே ஏரி வாரியம், நிலக்கொடை, நீர்ப் பங்கு எல்லாம் வரும். பிறகு பாசன வரலாறு தேடுவீர்கள். நாவல் வாங்குபவர்களில் எத்தனை பேர் கல்வெட்டுத் தொகுதி வாங்குகிறார்கள்? கடைக்கு அந்த வழி தெரிய நியாயமில்லை.

நூலக அடுக்கும் உதவும். டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, அடுத்த எண் 894.812 மலையாளம். தமிழ் நாவலை எடுக்கப் போனவர் கை மலையாள நாவலில் படலாம். ஆனால் வரலாற்று நூல் 900களில், வேறு அடுக்கில் இருக்கும். அதற்கு அடிக்குறிப்புதான் வழி.

ந., மதுரை
நன்றி ஐயா. அப்படியானால் வெளியேறும் செயலுக்கு 'அடிக்குறிப்புத் தாவல்'?

செ., பெங்களூரு
'தாவல்' உலாவியின் டேபுக்குப் போய்விட்டது, குழப்பும். 'தடம் மாற்றல்'?

கு., சென்னை
ரயில்வேச் சொல் மாதிரி இருக்கிறது. நான் இன்னும் குமிழி கட்சிதான்.